தள்ளுபடிச் சங்கிலிக் கடைக்கு எதிரே சிறு மருந்துக் கடை: ஆலோசனையை எப்படிக் கண்ணுக்குத் தெரிய வைப்பது?

ஜூன் 3, காலை. சிறுகடை

எங்கள் கடைக்கு எதிரிலேயே ஒரு சங்கிலி மருந்துக் கடை திறந்துவிட்டது. எல்லா ரசீதுக்கும் 15 சதவீதம் தள்ளுபடி தருகிறார்கள். எனக்கு நூற்றுக்கு இருபது நிற்கிறது. வாடகையும் சம்பளமும் அதிலிருந்துதான் போக வேண்டும். அவர்களோடு விலையில் மோத முடியாது என்பது தெரியும். அதனால் முகப்பில் "ஆலோசனை, நம்பகம், அக்கறை" என்று பெரிய பலகை வைக்கலாம் என்றிருக்கிறேன். அந்த மூன்று சொற்களுக்காக யாரும் கூடுதல் பணம் தரமாட்டார்கள் என்கிறார்கள் வீட்டில். அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

ஜூன் 3, இரவு. கல்வம்

பலகையை இப்போது எழுத வேண்டாம். அதே மூன்று சொற்களை எதிர்க்கடைக்காரரும் நாளைக்கே எழுதி ஒட்டலாம், விளக்குப் போட்டும் ஒட்டலாம். விலை வாசலிலிருந்தே தெரிகிறது. ஆலோசனை, அதைப் பெற்ற பிறகுதான் தெரிகிறது. இந்த வேறுபாட்டை மனத்தில் வைத்துக்கொண்டு தொடங்குங்கள்.

முதலில் உங்கள் வாடிக்கையாளர்களை இரண்டாகப் பிரித்துப் பாருங்கள். தலைவலிக்கு ஒரு அட்டை மாத்திரை வாங்கிப் போகிறவர் ஒரு பக்கம். இரத்த அழுத்தம், சர்க்கரை, தைராய்டு என்று மாதந்தோறும் வருகிறவர் மறுபக்கம். முதலாமவர் விலை பார்த்துப் போனால் போகட்டும். இரண்டாமவர் ஆண்டுக்குப் பன்னிரண்டு முறை உங்கள் முன் நிற்கிறார். அந்தப் பன்னிரண்டு முறையும் உங்களிடம் அவருக்கு என்ன கிடைக்கிறது, எதிரில் என்ன கிடைக்காது? இதற்கு விடை சொல்ல முடிந்தால் பலகைக்கான சொற்கள் தாமாக வரும்.

ஜூன் 4. கணக்குப்பிள்ளை

இவ்வளவு சுற்ற வேண்டியதில்லை. நீங்களும் 10 சதவீதம் குறையுங்கள். ஆலோசனையும் உண்டு, தள்ளுபடியும் உண்டு என்றால் கூட்டம் கூடும். விற்பனை கூடினால் லாபம் சரியாகிவிடும். வியாபாரத்தில் இது அரிச்சுவடி.

ஜூன் 4. கல்வம்

அரிச்சுவடியை மருந்துக்குப் போட்டுப் பார்ப்போம். நூறுக்கு விற்கும் பொருளின் கொள்முதல் 80, நிற்பது 20. பத்து குறைத்தால் நிற்பது 10. பழைய லாபத்தை எட்டவே இரண்டு மடங்கு பெட்டிகள் விற்க வேண்டும். அந்த இரண்டாவது மடங்கு எங்கிருந்து வரும்? மாத்திரை மலிந்துவிட்டது என்று யாரும் இரண்டாகப் போட்டுக்கொள்வதில்லை. எதிர்க்கடையிலிருந்துதான் ஆட்கள் வர வேண்டும். அங்கே 15 கிடைக்கும்போது 10க்காக ஏன் வருவார்கள்?

ஆனால் நீங்கள் சொன்னதில் பாதி சரி. விலையை நினைவில் வைத்திருந்து ஒப்பிட்டுப் பார்க்கும் பொருள்கள் சில உண்டு: சர்க்கரை பார்க்கும் பட்டைகள், குழந்தைகளின் டயப்பர், சத்து மாவு டப்பாக்கள். அவற்றில் மட்டும் எதிர்க்கடை விலைக்கு அருகில் நில்லுங்கள். "இந்தக் கடை கொள்ளை அடிக்கிறது" என்ற எண்ணம் பிறப்பது இந்தச் சில பொருள்களில்தான்.

ஜூன் 5. மறுபக்கம்

நான் ஒரு சங்கிலிக் கடையில் மருந்தாளுநராக வேலை செய்கிறேன். ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். "அங்கே இருப்பவர்களுக்கு ஒன்றும் தெரியாது" என்ற அடிப்படையில் உங்கள் கடையை நிறுத்தாதீர்கள். நீங்கள் படித்த அதே படிப்பைத்தான் நாங்களும் படித்தோம். எங்களிடம் இல்லாதது நேரம். என் முன்னால் ஐந்து பேர் வரிசையில் நிற்கிறார்கள், பணிமுறை மாறிக்கொண்டே இருக்கிறது. போன மாதம் நான் மருந்து கொடுத்தவரை இந்த மாதம் வேறொருவர் பார்க்கிறார். அவர் முகத்தில் என்ன மாறியிருக்கிறது என்பது எனக்குத் தெரிய வழியே இல்லை.

ஜூன் 5, இரவு. கல்வம்

இந்த இழையில் இதுவரை வந்ததில் மிகப் பயனுள்ள குறிப்பு இது. நன்றி. சிறுகடையின் பலம் கூடுதல் அறிவில் இல்லை, தொடர்ச்சியில் இருக்கிறது. ஒரு நேர்வை முழுதாகச் சொல்கிறேன், அப்போதுதான் விளங்கும்.

ஐம்பதைத் தாண்டிய ஒருவர் இருமல் மருந்து கேட்டு வருகிறார். கொடுக்கிறோம். இரண்டு வாரம் கழித்து இன்னொரு புட்டி. பிறகு மூன்றாவது. கல்லாவில் இருப்பவர் பார்வையில் இது மூன்று விற்பனை. மூன்றாவது புட்டியை எடுத்து வைப்பதற்கு முன் கேட்க வேண்டியவை இருக்கின்றன. எப்போது தொடங்கியது? சளி வருகிறதா, வறட்டு இருமலா? காய்ச்சல் உண்டா? வேறு என்ன மாத்திரை போடுகிறீர்கள், எப்போதிலிருந்து?

கடைசிக் கேள்விக்குத்தான் விடை கிடைக்கிறது. சில வாரங்களுக்கு முன் இரத்த அழுத்தத்துக்கு எனலாபிரில் தொடங்கியிருக்கிறார்கள். ராமிபிரில், லிசினோபிரில் எல்லாம் இதே வகை. இந்த வகை மாத்திரைகள் தடுக்கும் நொதிதான் பிராடிகினின் என்ற பொருளையும் உடலில் சிதைக்கிறது. மாத்திரை அதைத் தடுக்கும்போது பிராடிகினின் மிஞ்சுகிறது. தொண்டையில் அரிப்பும் வறட்டு இருமலும் வருகின்றன. எல்லாருக்கும் வராது, ஆனால் அரிதானதும் அல்ல. முதல் நாளிலும் தொடங்கலாம், சில மாதங்கள் கழித்தும் தொடங்கலாம். அதனால்தான் நோயாளிக்கு மாத்திரையும் இருமலும் ஒன்றோடொன்று தொடர்புடையவை என்று தோன்றுவதே இல்லை. இருமல் மருந்தை எத்தனை புட்டி குடித்தாலும் இது அடங்காது.

இனிதான் கடினமான இடம். "உங்கள் அழுத்த மாத்திரைதான் காரணம்" என்று சொல்லிவிட்டால் அவர் வீட்டுக்குப் போய் மாத்திரையை நிறுத்திவிடுவார். இருமல் போகும், அழுத்தம் ஏறும். ஆகவே சொல்லும் முறை முக்கியம். "மாத்திரையை நிறுத்தாதீர்கள். இந்தச் சீட்டை மருத்துவரிடம் காட்டுங்கள். வேறு வகைக்கு மாற்ற வழி இருக்கிறது" என்று சொல்லி, மாத்திரையின் பெயர், தொடங்கிய நாள், இருமல் தொடங்கிய நாள் மூன்றையும் ஒரு தாளில் எழுதிக் கொடுக்க வேண்டும். மருத்துவர்கள் பெரும்பாலும் லோசார்டான், டெல்மிசார்டான் போன்ற வகைக்கு மாற்றுவார்கள். மாற்றிய மறுநாளே இருமல் நிற்காது. ஒன்று முதல் நான்கு வாரம் பிடிக்கும், சிலருக்கு மூன்று மாதம் வரை இழுக்கும். இதையும் முன்பே சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் ஐந்தாம் நாள் வந்து "நீங்கள் சொன்னது சரியில்லை" என்பார்.

இருமலில் இரத்தம், மூச்சுத் திணறல், காய்ச்சல், எடை குறைவு ஏதேனும் இருந்தால் மாத்திரையைப் பற்றிய பேச்சே வேண்டாம், நேராக மருத்துவரிடம். உதடோ நாக்கோ முகமோ வீங்கியிருந்தால் அது அவசரம், ஒரு நிமிடமும் தாமதிக்கக் கூடாது. அதுவும் இதே வகை மாத்திரையால் வரக்கூடியதுதான்.

கணக்குப்பிள்ளை கேட்பார்: இதில் கடைக்கு என்ன வந்தது? ஒரு புட்டி விற்பனை போனது. ஆனால் அந்த மனிதர் அடுத்த பல ஆண்டுகளின் மருந்தை எங்கே வாங்குவார் என்று நினைக்கிறீர்கள்?

ஜூன் 6. கணக்குப்பிள்ளை

சரியாகச் சொல்வதானால், அவர் நன்றி சொல்லிவிட்டு எதிர்க்கடையில் 15 சதவீதத் தள்ளுபடியில் வாங்குவார் என்றுதான் நினைக்கிறேன். சிலராவது.

ஜூன் 6. கல்வம்

சிலர் அப்படிச் செய்வார்கள். மறுக்கவில்லை.

ஜூன் 8. மூத்த மகள்

எல்லாருக்கும் வணக்கம். இங்கே மருந்துக் கடை பற்றிப் பேசுவதால் கேட்கிறேன். அம்மாவுக்குத் தைராய்டு மாத்திரை ஒரு கடையில் வாங்குகிறேன், சுண்ணாம்புச் சத்து மாத்திரை தள்ளுபடி உள்ள இன்னொரு கடையில். மறக்காமல் இருக்க இரண்டையும் காலையில் எழுந்ததும் ஒன்றாகக் கொடுத்துவிடுகிறேன். பரிசோதனையில் தைராய்டு அளவு சரியாகவே வரவில்லை என்று மருத்துவர் மாத்திரையின் வலுவை ஏற்றிவிட்டார். செலவும் ஏறுகிறது. இரண்டையும் ஒரே கடையில் வாங்கினால் மலிவாக இருக்குமா? எந்த மாதிரிக் கடை நல்லது?

ஜூன் 8, இரவு. கல்வம்

அம்மா, கடையை விடுங்கள். முதலில் நேரத்தைப் பார்ப்போம். தைராய்டு மாத்திரையும் சுண்ணாம்புச் சத்தும் வயிற்றில் ஒன்றாகச் சேர்ந்தால் தைராய்டு மருந்து சரியாக உடலில் ஏறாது. இரும்புச் சத்து மாத்திரைக்கும் இதே கதை. இரண்டுக்கும் இடையே நான்கு மணி நேரம் வேண்டும். தைராய்டு மாத்திரையை வெறும் வயிற்றில் தண்ணீரோடு, காலை உணவுக்கு அரை மணியிலிருந்து ஒரு மணி நேரத்துக்கு முன் கொடுங்கள். சுண்ணாம்புச் சத்தை மதியமோ இரவோ உணவோடு கொடுக்கலாம்.

ஆனால் இதை நாளைக் காலையிலேயே மாற்றிவிட்டு அப்படியே விட்டுவிடக் கூடாது. மருந்து பாதி ஏறாமல் இருந்தபோது வலுவை ஏற்றியிருக்கலாம். இப்போது இடைவெளி விட்டால் மருந்து நன்றாக ஏறும். அப்போது அந்த வலு அளவுக்கு மீறிப் போகலாம். படபடப்பு, கை நடுக்கம், தூக்கமின்மை, எடை குறைவு அதன் அடையாளங்கள். மருத்துவரிடம் "இவ்வளவு நாள் சேர்த்துக் கொடுத்தோம், இனிப் பிரித்துக் கொடுக்கப் போகிறோம்" என்று சொல்லுங்கள். பிரித்துக் கொடுக்கத் தொடங்கி ஆறு முதல் எட்டு வாரம் கழித்து மறுபடி பரிசோதிக்கச் சொல்வார்.

சிறுகடை அவர்களே, நீங்கள் கேட்ட கேள்விக்கு விடை இந்த அம்மாவின் குறிப்பில் முழுவதும் இருக்கிறது. ஒரு கடையில் தைராய்டு, இன்னொரு கடையில் சுண்ணாம்பு. இரண்டு கடைக்காரர்களும் தங்கள் பங்கைச் சரியாகவே கொடுத்தார்கள். இரண்டையும் சேர்த்துப் பார்த்தவர் யாரும் இல்லை. உங்கள் கடை அந்தச் சேர்த்துப் பார்க்கும் இடமாக இருக்க முடியுமானால், எதிர்க்கடை தர முடியாத ஒன்று உங்களிடம் இருக்கிறது.

ஜூன் 9. மூத்த மகள்

மருத்துவரிடம் நேரம் வாங்கிவிட்டேன். மிகவும் நன்றி ஐயா.

ஜூன் 9. மறுபக்கம்

கல்வம் சொன்னதோடு ஒரு சிறு வேறுபாடு. "எல்லாவற்றையும் எங்களிடமே வாங்குங்கள், அப்போதுதான் பாதுகாப்பு" என்று சிறுகடைக்காரர்கள் சொல்லத் தொடங்கினால் அது அக்கறையாகத் தோன்றாது, வியாபாரமாகவே தோன்றும். எங்கே வாங்கினாலும் சரி, எல்லா மருந்துகளையும் ஒரு தாளில் எழுதிக் கையில் கொடுங்கள். அவர் அதை என்னிடம் கொண்டுவந்தாலும் நானும் பார்த்துச் சொல்வேன்.

ஜூன் 10. கல்வம்

இதை நேற்றிலிருந்து யோசித்துக்கொண்டிருக்கிறேன். எதிர்க்கடைக்கும் பயன்படும் தாளை நம் செலவில் எழுதிக் கொடுப்பதா என்று முதலில் தயங்கினேன். இப்போது மறுபக்கம் சொல்வதே சரி என்று படுகிறது. அந்தத் தாள் நோயாளியின் சட்டைப் பையில் இருக்கிறது, மருத்துவமனைக்குப் போகிறது, மருத்துவர் பார்க்கிறார். கீழே எழுதியவரின் கடைப் பெயர் இருக்கிறது. அதைவிட நல்ல விளம்பரப் பலகை எனக்குத் தெரியவில்லை. மருந்துச் சீட்டில் இல்லாமல் வாங்கும் வலி மாத்திரை, சத்து மாத்திரை, நாட்டு மருந்து எல்லாவற்றையும் அதில் சேர்க்க மறக்காதீர்கள். பல சிக்கல்கள் அங்கேதான் ஒளிந்திருக்கின்றன.

ஜூன் 14. சிறுகடை

தாள் எழுதத் தொடங்கிவிட்டேன். மக்கள் விரும்புகிறார்கள். ஆனால் என் உண்மையான சிக்கல் வேறு. பலமுறை முப்பது மாத்திரை கேட்பவருக்குப் பத்துதான் இருக்கிறது, "மீதியை நாளை வாங்கிக்கொள்ளுங்கள்" என்கிறேன். அவர் நாளை எதிர்க்கடைக்குப் போய்விடுகிறார். பெரிய இருப்பு வைக்க முதல் இல்லை.

ஜூன் 14, இரவு. கல்வம்

பலகையில் நீங்கள் எழுத நினைத்த நம்பகம் உடைவது இந்த இடத்தில்தான். நல்ல ஆலோசனை சொல்லிவிட்டுப் பத்து மாத்திரையோடு அனுப்பினால் ஆலோசனை மறந்துவிடும், அலைச்சல்தான் நினைவில் நிற்கும்.

பெரிய இருப்பு தேவையில்லை. தொடர் மருந்தில் ஒரு வசதி இருக்கிறது: யாருக்கு எந்த நாளில் தீரும் என்பது முன்பே தெரியும். ஒருவருக்கு அழுத்த மாத்திரை 4ஆம் தேதி தீர்கிறது, சர்க்கரை மாத்திரை 11ஆம் தேதி, கொழுப்பு மாத்திரை 23ஆம் தேதி. மாதம் மூன்று முறை வருகிறார், மூன்று முறையும் ஏதாவது இல்லாமல் போக வாய்ப்பு. இவற்றை 23ஆம் தேதிக்குக் கொண்டுவந்து நிறுத்துங்கள். 4ஆம் தேதி அழுத்த மாத்திரையை 19 நாளுக்கு மட்டும் கொடுங்கள். 11ஆம் தேதி சர்க்கரை மாத்திரை 12 நாளுக்கு. நாளுக்கு இரண்டு என்றால் 24 மாத்திரை. 23ஆம் தேதி மூன்றும் ஒன்றாகத் தீரும். அதன்பிறகு மூன்றையும் ஒரே நாளில் முப்பது நாளுக்குக் கொடுக்கலாம். 18ஆம் தேதி வாக்கில் கொள்முதல் சொன்னால் போதும். பொருள் உங்கள் அலமாரியில் மாதம் முழுவதும் கிடக்காது.

அட்டையை வெட்டிக் கொடுக்க வேண்டி வரும். காலாவதித் தேதியும் தொகுதி எண்ணும் அச்சான பகுதி கடையில் மிஞ்சினால் வாங்கியவருக்கு ஒன்றும் தெரியாது. அவற்றை உறையில் கையால் எழுதிக் கொடுங்கள். அட்டையை வெட்டவோ குறைந்த நாளுக்குக் கொடுக்கவோ உங்கள் ஊர் விதிகளில் தடை இருந்தால் முதலில் அதைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஜூன் 15. கல்வம்

நேற்று எழுதியதில் முக்கியமான ஒன்று விட்டுப்போனது. கொள்முதல் சொல்வதற்கு முன் அவரைத் தொலைபேசியில் அழையுங்கள். "மருந்து தயார் செய்யப் போகிறோம், ஏதாவது மாறியிருக்கிறதா? மருத்துவரைப் பார்த்தீர்களா? ஏதாவது தொல்லை தருகிறதா?" இந்த மூன்று கேள்விகள் போதும். மருத்துவர் மாத்திரையை மாற்றியிருந்தால் வீண் கொள்முதல் மிச்சம். "இன்னும் பாதி அட்டை இருக்கிறது" என்று அவர் சொன்னால் அது வேறு செய்தி: மருந்தைச் சரியாகப் போடவில்லை. வளர்ந்த நாடுகளிலேயே நீண்டகால மருந்துகளை ஒழுங்காக எடுத்துக்கொள்பவர்கள் சராசரியாகப் பாதிப்பேர்தான் என்று உலகச் சுகாதார நிறுவனம் 2003இல் வெளியிட்ட அறிக்கை சொன்னது. இதைத் தெரிந்துகொள்ளக் கடைக்காரருக்கு எளிய வழி மிஞ்சிய அட்டைதான்.

புதிதாக ஒரு தொடர் மருந்து தொடங்கியவரை ஒன்று, இரண்டு வாரத்துக்குள் அழைப்பது இன்னும் பயன் தரும். மருந்தை விட்டுவிடும் முடிவைப் பலர் அந்த முதல் நாள்களிலேயே எடுத்துவிடுகிறார்கள். இங்கிலாந்தில் 2011 முதல் மருந்துக் கடைகள் சில நோய்களுக்கு இப்படிப் பின்தொடர்ந்து பேசுவதை ஒரு சேவையாகவே வைத்து அரசு பணம் தருகிறது.

அழைக்கும்போது வேறு யாராவது எடுத்தால் மருந்தின் பெயரையோ நோயையோ சொல்லக் கூடாது. "மருந்துக் கடையிலிருந்து, அவரிடம் பேச வேண்டும்" என்பதோடு நிறுத்துங்கள். கடையிலும் அப்படியே: பின்னால் மூன்று பேர் நிற்கும்போது உரக்கக் கொடுக்கும் ஆலோசனை ஆளை விரட்டிவிடும்.

ஜூன் 16. கணக்குப்பிள்ளை

எல்லாம் நல்லதுதான். இந்த அழைப்புக்கெல்லாம் யார் சம்பளம் தருவது? இங்கிலாந்தில் அரசு தருகிறது என்றீர்கள். இங்கே யார் தருவார்? ஆலோசனைக்குக் கட்டணம் வையுங்கள்.

ஜூன் 16. கல்வம்

கட்டணம் வைத்தால் கேட்க வேண்டியவர்தான் முதலில் கேட்காமல் போவார். மருந்து வாங்கும்போது சொல்வது மருந்தின் பகுதி. வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுப்பது, நாள்வாரியாகப் பெட்டியில் அடுக்கித் தருவது இவற்றுக்கு வேண்டுமானால் வாங்கலாம். கையில் காசில்லாதவருக்கு அதே மருந்து வேறு நிறுவனத் தயாரிப்பில் மலிவாக இருந்தால் அதைச் சொல்வதும் அக்கறைதான். விதிகள் அனுமதிக்கும் இடத்தில் மாற்றிக் கொடுங்கள், இல்லையென்றால் மருத்துவரிடம் கேட்கச் சொல்லுங்கள்.

ஜூன் 17. மறுபக்கம்

இதில் நான் கணக்குப்பிள்ளை பக்கம். எல்லாவற்றையும் இலவசமாகக் கொடுத்துக் கொடுத்தே ஓய்ந்துபோன கடைக்காரர்களைப் பார்த்திருக்கிறேன். அரை மணி நேரம் உட்கார்ந்து பத்து மருந்துகளையும் அலசிச் சொல்வதும், கல்லாவில் நின்று நான்கு மணி நேர இடைவெளியைச் சொல்வதும் ஒன்றாகாது. முதலாவதற்குக் கட்டணம் இருப்பதில் தவறில்லை.

ஜூன் 17. கல்வம்

எங்கே கோடு போடுவது என்பதில்தான் எனக்குத் தயக்கம். பத்து மருந்து சாப்பிடுபவர் ஏற்கெனவே மருத்துவச் செலவில் மூழ்கியிருப்பவர். உங்கள் வாதம் புரிகிறது, ஆனால் மனம் ஒப்பவில்லை.

ஆகஸ்ட் 20. சிறுகடை

இடையில் எழுத முடியவில்லை. தொடர் மருந்துக்காரர்களில் பெரும்பகுதியினரை ஒரே தேதிக்குக் கொண்டுவந்துவிட்டேன். பத்து மாத்திரையோடு அனுப்புவது ஏறக்குறைய நின்றுவிட்டது. சிலர் எதிர்க்கடைக்குப் போய்விட்டார்கள், திரும்பவில்லை. போனவர்களில் இருவர் தாளை எடுத்துக்கொண்டு வந்து, "புது மாத்திரை தந்திருக்கிறார்கள், இதையும் எழுதிக் கொடுங்கள்" என்றார்கள். எழுதிக் கொடுத்தேன். பலகைக்கு இன்னும் சொற்கள் வேண்டும்.

ஆகஸ்ட் 20, இரவு. கல்வம்

எழுதிக் கொடுத்தது நல்ல காரியம். பலகைக்கு இதை வைத்துப் பாருங்கள்: "மாதாந்திர மருந்துகள் எல்லாம் ஒரே நாளில் தயார். தீருமுன் நாங்களே அழைப்போம். எங்கே வாங்கிய மருந்தானாலும் சேர்த்துப் பார்த்துச் சொல்வோம்." ஒவ்வொன்றும் நிறைவேறியதா இல்லையா என்று வாடிக்கையாளர் சரிபார்க்கக்கூடிய வாக்கு. ஒன்றைத் தவறவிட்டால் அவரே வந்து கேட்பார், கேட்கட்டும்.

ஆகஸ்ட் 21. மறுபக்கம்

அந்தப் பலகை வைத்த மறுவாரம் நீங்கள் காய்ச்சலில் படுத்தால்? உதவியாளர் என்ன செய்வார்?

ஆகஸ்ட் 21. கல்வம்

அழைப்பதும் தேதி பார்ப்பதும் உதவியாளரும் செய்யக்கூடிய வேலைகள், குறிப்பேடு ஒழுங்காக இருந்தால். ஆனால் சில விடைகளைக் கேட்டவுடன் அவர் தாமாக எதுவும் சொல்லாமல் மருந்தாளுநரிடம் மாற்றிவிட வேண்டும்: புது மருந்து சேர்ந்திருக்கிறது, ஏதோ தொல்லை தருகிறது, மருந்தை நிறுத்திவிட்டேன், கருவுற்றிருக்கிறேன். இந்த நான்கையும் தொலைபேசிக்கு மேலே ஒட்டிவையுங்கள். மருந்தாளுநர் இல்லாத நாளில் எந்த மருந்தாளுநரை அழைப்பது என்பதையும் இப்போதே ஏற்பாடு செய்துவிடுங்கள். எதிர்க்கடையில் பணியில் இருப்பவராகவும் இருக்கலாம், பேசிப் பார்த்தீர்களா?